சரவெடி வெடிக்கட்டும், ஸ்கிரீன் மின்ன வேணாம்

கேள்வி: அண்ணா, கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேன். நாங்க ரெண்டு பேரு சேந்து வேலைத் திருவிழா வெடிக்கட்ட, அதான் வாணவேடிக்கைய, வெச்சு ஒரு மொபைல் கேம் பண்றோம், கொடோட் இஞ்சின்ல. ஒவ்வொரு வெடிக்கும் ஸ்கிரீன் முழுக்க வெள்ளையா ரெண்டு ஃபிரேம் மின்னும். அக்கா பையன் வெளையாடிட்டு கண்ணு என்னமோ பண்ணுது, தல சுத்துதுன்னான். ஆரம்பத்துல ஒரு வார்னிங் போட்டா போதுமா, இல்ல வெடிக்கட்டையே தூக்கணுமா?

பதில்: தூக்க வேணாம் தம்பி, ஆனா வார்னிங்கும் போதாது. வெளிச்சத்துல ஃபிட்ஸ் வரக்கூடியவங்கள்ல பல பேருக்கு மொதல் தடவை வர்ற வரைக்கும் அது தெரியவே தெரியாது, அதுலயும் பள்ளிக்கூடம் போற வயசுலதான் இது அதிகம் தெரிய வருது, அந்த வயசுப் பசங்க வார்னிங்க படிக்காம ஓகே தட்டிட்டுப் போயிடுவாங்க. 1997 டிசம்பர்ல ஜப்பான் டிவில ஒரு கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாத்தி மாத்தி செகண்டுக்கு சுமார் 12 தடவ மின்னி, அன்னிக்கு ராத்திரியே அறுநூறுக்கு மேல பிள்ளைங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க, அவங்கள்ல நெறைய பேருக்கு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இருந்ததில்ல. பையன ஒரு தடவ டாக்டர்கிட்ட காமிச்சிருங்க, வெறும் கண்ணு வலியாவும் இருக்கலாம், அத நானும் நீங்களும் முடிவு பண்ண வேணாம்.

இப்ப உங்க ரெண்டு ஃபிரேமுக்கு வர்றேன். இத்தனூண்டு நேரம்தானே மின்னுது, என்ன ஆயிடும்னு எல்லாரும் நெனைப்பாங்க, நானும் நெனச்சிருக்கேன். எவ்வளவு நேரம் மின்னுதுங்கறது இங்க கணக்கே இல்ல, ஒரு செகண்டுல எத்தன தடவ ஏறி எறங்குது, ஏறினதுக்கும் எறங்குனதுக்கும் வெளிச்சத்துல எவ்வளவு வித்தியாசம், ஸ்கிரீன்ல எவ்வளவு எடம், இந்த மூணுதான். வெளிச்சம் ஒருக்கா ஏறி ஒருக்கா எறங்குனா அது ஒரு ஃபிளாஷ். வெப்சைட்டுக்கு இருக்கற WCAG விதி என்ன சொல்லுதுன்னா எந்த ஒரு செகண்டுலயும் மூணுக்கு மேல வரக்கூடாது. உங்க சரவெடில செகண்டுக்கு அஞ்சு வெடின்னா அஞ்சு ஃபிளாஷ், அவ்வளவுதான், ரெண்டு ஃபிரேம ஒரு ஃபிரேமாக் கொறச்சாலும் அஞ்சு அஞ்சுதான்.

சரி, வெள்ளைய கொஞ்சம் மங்கலாக்கிடலாமேன்னு தோணும். தப்பிக்க அதுவும் ஒரு வழிதான், ஆனா நீங்க நெனைக்கற அளவுக்கு மங்கல் பத்தாது. முழு வெள்ளைய 1ன்னு வெச்சா, 0.1க்கும் கம்மியா வெளிச்சம் மாறுனா அது ஃபிளாஷ் கணக்குல வராது. உங்க ராத்திரி வானம் #101830 மாதிரி கருநீலம்னு வெச்சுக்கங்க, அதோட வெளிச்சம் கிட்டத்தட்ட 0.01. அது மேல வெள்ளைய 25 பர்சென்ட் போட்டா 0.085 வரும், வித்தியாசம் 0.075, தப்பிச்சீங்க. 30 பர்சென்ட் போட்டாலே வித்தியாசம் 0.1ஐத் தொட்டுடும். பாதிதானே போட்டிருக்கேன்னு 50 வெச்சா ரொம்ப தூரம் தாண்டியாச்சு. 25 பர்சென்ட்ல வெடி எப்படி இருக்கும்னா டார்ச் பேட்டரி தீந்து போன மாதிரி இருக்கும், எனக்குப் புடிக்கல.

நான் செய்யறது வேற. நீங்க நென்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுக்குப் போயிருப்பீங்கல்ல, பங்குனில. கடைசில எல்லாம் ஒண்ணா வெடிக்கற கூட்டப்பொரிச்சல் நெருக்கிப் புடிச்சதும் ஒவ்வொரு வெடிக்கும் வயல் இருட்டி வெளுத்து இருட்டி வெளுத்தா இருக்கும்? பொகை மேல வெளிச்சம் தங்கி மொத்தமா ஒரே வெளுப்பா நிக்கும், வெடி வெடியாத் தெரியறது காதுலயும் நெஞ்சுலயும்தான். அதையே கேம்லயும் பண்ணுங்க. வெடிக்கு ஒரு ஃபிளாஷ் குடுக்காம, மொத்த சரத்துக்கும் வெளிச்சம் ஒரு தடவ ஏறட்டும், சரம் முடியற வரைக்கும் நிக்கட்டும், அப்பறம் மெதுவா எறங்கட்டும்.

```gdscript
var light := 0.0
var hold := 0.0

func burst():
    hold = 0.5

func _process(delta):
    hold = maxf(hold - delta, 0.0)
    var target := 0.6 if hold > 0.0 else 0.0
    light = move_toward(light, target, delta * 1.5)
    overlay.color.a = light
```

`overlay`ங்கறது ஸ்கிரீன் முழுக்க மூடற வெள்ளை `ColorRect`. இதுல வெடி எதுவும் நேரா ஸ்கிரீனத் தொடல, அரை செகண்டு நில்லுன்னு மட்டும் சொல்லுது. அந்த அரை செகண்டுக்குள்ள அடுத்த வெடி வந்துட்டா வெளிச்சம் எறங்கவே எறங்காது, அதனால வெளையாடறவன் பட்டனப் போட்டு எப்படித்தான் குத்துனாலும் செகண்டுக்கு ரெண்டு தடவைக்கு மேல ஏறி எறங்க வழியே இல்ல. அந்த அதிர்ச்சி வேணும்னா சவுண்டுலயும் ஃபோன் வைப்ரேஷன்லயும் குடுங்க, தீப்பொறிய சின்னச் சின்னதா செதற விடுங்க. பொறி பூவா விரிஞ்சு பாதி ஸ்கிரீன அடைச்சா அதுவும் ஃபிளாஷ்தான், ஓவர்லேய சரி பண்ணிட்டு அத விட்டுடாதீங்க.

அடுத்தது நான் சொந்தமா மாட்டுனது. என் பழைய கேம் ஒண்ணுல காசு எடுத்தா ஒரு மினுக்கு, லெவல் ஏறுனா ஒரு மினுக்கு, ரெண்டும் தனித்தனியா டெஸ்ட் பண்ணப்ப செகண்டுக்கு ரெண்டு ரெண்டுதான், சுத்தமா இருந்துச்சு. ஆனா லெவல் ஏறற எடத்துலயே காசு கொட்டும், அங்க ரெண்டும் மாத்தி மாத்தி விழுந்து செகண்டுக்கு நாலு ஆயிடுச்சு. கண்ணுக்கு எந்த ஸ்கிரிப்ட்ல இருந்து வருதுன்னா தெரியும்? அதனால வெடி, அடி, பரிசு, பட்டன் எல்லாமே அந்த ஒரே `burst()`ஐத்தான் கூப்பிடணும், வேற எந்த நோடும் ஸ்கிரீன் முழுக்க வெளிச்சம் போடக்கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கங்க.

சிவப்ப மட்டும் இந்தக் கணக்குல சேக்காதீங்க. உயிர் கம்மியானா ஓரமெல்லாம் சிவப்பாத் துடிக்கற எஃபெக்ட் உங்க கேம்லயும் இருக்கும்னு நெனைக்கறேன், எல்லாரும் வைக்கறதுதான். சுத்தமான அடர் சிவப்பு கண்ண ரொம்பக் கிண்டும், அதுக்கு விதியும் தனி, வெளிச்ச வித்தியாசம் கம்மியா இருந்தாலும் அது ஃபிளாஷாத்தான் எண்ணப்படும். துடிக்க விடாம சிவப்பா அப்படியே நிக்க வைங்க, துடிப்பு வேணும்னா இதயத்துடிப்பு சத்தம் போடுங்க. எடம் விஷயத்துல மினுக்கறது ஸ்கிரீன்ல ஒரு ஓரமா சின்னதா இருந்தா விதி விட்டுக்குடுக்கும், ஆனா அந்தக் கணக்கு கம்ப்யூட்டரத் தள்ளி வெச்சுப் பாக்கறதுக்கு, போர்வைக்குள்ள மூக்குக்கிட்ட ஃபோன வெச்சு ஆடற பையனுக்கு இல்ல. அதனால ஃபோன் கேம்ல நான் அந்தச் சலுகைய எடுக்கறதில்ல. அடி வாங்குன யானை ஒரு ஃபிரேம் தெரிஞ்சு ஒரு ஃபிரேம் மறைஞ்சா செகண்டுக்கு முப்பது ஃபிளாஷ், யானை சின்னதா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, கடைசி லெவல்ல ஸ்கிரீன் முழுக்க நிக்கறப்பதான் வினை.

செட்டிங்ஸ்ல மினுக்கத கொறைக்கற பட்டன் வைக்கறது நல்லதுதான், ஆனா வாங்குன உடனே தொறக்கறப்பவே சேஃபா இருக்கணும், மினுக்கு வேணுங்கறவன் போய் ஆன் பண்ணிக்கட்டும்.

டெஸ்ட் பண்றப்ப இருக்கறதுலயே மோசமான ஒரு நிமிஷத்த எடுங்க, சரவெடி, அடி, லெவல் முடிவு மூணும் ஒண்ணா விழற எடம். ஃபோன் ஸ்கிரீன் ரெக்கார்டர்ல 60 ஃபிரேம் வெச்சு எடுங்க, கேமராவுல ஸ்கிரீனப் படம் புடிக்காதீங்க, அதோட எக்ஸ்போஷர் தானா மாறி வெளிச்சத்த மாத்திக் காட்டிடும். அந்த வீடியோவ எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2023ல இலவசமா வெளியிட்ட `IRIS`ல போட்டா எந்த எடத்துல தாண்டுதுன்னு சொல்லும். `PEAT`னு இன்னொண்ணும் தேடுனா வரும், காசுக்கு விக்கற கேமுக்கு அதப் பயன்படுத்தக் கூடாதுன்னு அதோட நிபந்தனையிலயே இருக்கு. ரெண்டும் இல்லைன்னா ஃபிரேம் ஃபிரேமாத் தட்டி, அறுபது ஃபிரேமுக்குள்ள எத்தன தடவ ஏறி எறங்குதுன்னு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க, எந்த ஃபிரேம்ல இருந்து ஆரம்பிச்சாலும் மூணு தாண்டக்கூடாது. எண்ணி முடிக்கற வரைக்கும் பழைய பில்ட அக்கா பையன் ஃபோன்ல இருந்து எடுத்துருங்க.