எப்சிலான் போட்டு லூப் போட்டும் செலவு குறையாதது ஏன்?

*மீச்சிறு செலவு முறையில் 3×3 போக்குவரத்துக் கணக்கு ஒன்று போட்டேன். 5 கட்டம் நிரம்ப வேண்டும், 4 தான் நிரம்பியது. எப்சிலான் போட்டு u, v கண்டுபிடித்தால் ஒரு கட்டத்தில் மைனஸ் வருகிறது. லூப் போட்டு மாற்றினேன், மொத்தச் செலவு அப்படியே நிற்கிறது. எங்கே தப்பு செய்தேன்?*

நீங்கள் எங்கேயும் தப்பு செய்யவில்லை. தருமபுரியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் யாராவது ஒருவர் இதே இடத்தில் நின்று, சரியான விடையை அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார். அதனால் எங்கள் பக்கத்துத் தக்காளியை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானே வைத்தவை.

ராயக்கோட்டையில் 600 பெட்டி, பாலக்கோட்டில் 400, பர்கூரில் 500 இருக்கின்றன. பெங்களூருக்கு 600, சேலத்துக்கு 500, சென்னைக்கு 400 தேவை. இரண்டு பக்கமும் கூட்டினால் 1500. ஒரு பெட்டிக்கு வண்டிச் செலவு ரூபாயில்:

| | பெங்களூரு | சேலம் | சென்னை |
|---|---|---|---|
| ராயக்கோட்டை | 8 | 14 | 24 |
| பாலக்கோடு | 11 | 10 | 25 |
| பர்கூர் | 12 | 16 | 22 |

இருப்பதிலேயே சின்ன எண் 8. ராயக்கோட்டையின் 600 பெட்டியும் பெங்களூருக்குப் போகிறது. இங்கேதான் விஷயமே இருக்கிறது: ராயக்கோட்டையில் சரக்கும் தீர்ந்தது, பெங்களூரின் தேவையும் தீர்ந்தது, இரண்டும் ஒரே அடியில். அடுத்து 10: பாலக்கோட்டின் 400 சேலத்துக்கு. சேலத்துக்கு மிச்சம் வேண்டிய 100, சென்னையின் 400, இரண்டும் பர்கூர் தலையில். மொத்தம் 4800 + 4000 + 1600 + 8800 = 19,200 ரூபாய்.

நிரம்பியவை 4 கட்டம். வேண்டியது 3 + 3 − 1 = 5. இதைத்தான் சிதைந்த தீர்வு என்கிறோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பெட்டிகள் போவதில் குறை ஒன்றும் இல்லை. சோதனை போடத்தான் வழி அடைபட்டிருக்கிறது. நிரம்பிய கட்டம் ஒவ்வொன்றிலும் வரிசையின் u-வும் நிரலின் v-யும் கூட்டினால் அதன் செலவு வர வேண்டும். பர்கூருக்கு u = 0 என்று வைத்துப் பாருங்கள். சேலத்துக்கு v = 16, சென்னைக்கு 22, பாலக்கோட்டுக்கு u = −6 என்று வந்துவிடும். அதோடு நின்றுபோகும். ராயக்கோட்டையும் பெங்களூரும் தங்களுக்குள் மட்டும் கைகோத்துக்கொண்டு தனியாக நிற்கின்றன. மற்ற நான்கு பேரோடு அவர்களைச் சேர்க்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை.

எப்சிலான் அந்த இணைப்புக்காகத்தான். அதனால் அது ராயக்கோட்டை வரிசையிலோ பெங்களூரு நிரலிலோ உள்ள காலிக் கட்டத்தில்தான் வர வேண்டும். சிலர் கண்ணில் பட்ட காலிக் கட்டத்தில் போட்டுவிடுவார்கள். பாலக்கோடு–சென்னையில் போட்டால் எண்ணிக்கை 5 ஆகிவிடும், ஆனால் பாலக்கோடு, பர்கூர், சேலம், சென்னை நான்கும் மூடிய லூப் ஆகி, ராயக்கோட்டையும் பெங்களூரும் தனியாகவே இருக்கும். u, v மறுபடியும் பாதியில் நின்றால் எப்சிலான் இடம் மாறி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இணைக்கக்கூடிய கட்டங்களில் செலவு குறைந்தது பாலக்கோடு–பெங்களூரு, 11. அங்கே எப்சிலான் வைப்போம். பெங்களூருக்கு v = 17, ராயக்கோட்டைக்கு u = −9. இனி ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் செலவிலிருந்து u + v-ஐக் கழிக்க வேண்டும். ராயக்கோட்டை–சேலம் 7, ராயக்கோட்டை–சென்னை 11, பாலக்கோடு–சென்னை 9. பர்கூர்–பெங்களூரு மட்டும் 12 − 17 = −5. உங்களுக்கு வந்த மைனஸ் இதுதான்.

இந்த −5 என்ன சொல்கிறது? பர்கூரிலிருந்து ஒரு பெட்டியைப் பெங்களூருக்கு அனுப்பு (+12), பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குப் போகும் ஒரு பெட்டியை நிறுத்து (−11), அதைச் சேலத்துக்குத் திருப்பு (+10), பர்கூரிலிருந்து சேலம் போவதில் ஒன்றைக் குறை (−16). கூட்டினால் பெட்டிக்கு 5 ரூபாய் மிச்சம். கணக்கு சரிதான். ஆனால் பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெட்டி எங்கே இருக்கிறது, நிறுத்துவதற்கு? அங்கே இருப்பது எப்சிலான், அதாவது பூஜ்யம். மைனஸ் குறி உள்ள கட்டங்களில் சின்னது எதுவோ அவ்வளவுதான் நகர்த்த முடியும். இங்கே பூஜ்யமும் 100-ம் இருக்கின்றன, ஆகவே நகர்வது பூஜ்யம். 5 ரூபாய் வீதம் பூஜ்யம் பெட்டிக்கு மிச்சமும் பூஜ்யம்தான். செலவு 19,200-லேயே நிற்கிறது, எப்சிலான் மட்டும் பர்கூர்–பெங்களூருக்கு இடம் மாறுகிறது.

நிறையப் பேர் இங்கேதான் பேனாவை வைத்துவிடுகிறார்கள். வைக்காமல் u, v-ஐ இன்னொரு முறை போடுங்கள். பெங்களூருக்கு v = 12, ராயக்கோட்டைக்கு u = −4. காலிக் கட்டங்கள்: ராயக்கோட்டை–சேலம் 2, ராயக்கோட்டை–சென்னை 6, பாலக்கோடு–பெங்களூரு 5, பாலக்கோடு–சென்னை 9. ஒன்றுகூட மைனஸ் இல்லை. ஒரு பெட்டியும் நகராமலே, முதலில் தோற்ற அதே ஒதுக்கீடு இப்போது உகமம் என்று தேறிவிட்டது. சிதைந்த அட்டவணையில் வரும் மைனஸ், ஒதுக்கீடு தப்பு என்பதற்குச் சாட்சி ஆகாது. எப்சிலான் உட்கார்ந்த இடம் பொருந்தவில்லை என்பதாகவும் இருக்கலாம். மைனஸே வராமல் தேறினால் மட்டும் சந்தேகமே வேண்டாம், எப்சிலான் எந்த இணைப்புக் கட்டத்தில் இருந்தாலும் அது உகமம்தான்.

நிஜமான மைனஸ் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். சேலத்திலிருந்து சரக்கு ஏற்றி ராயக்கோட்டைக்கு வந்த லாரி காலியாகத் திரும்புகிறது, வாடகையைக் குறைத்துக்கொள்கிறார்கள், அதனால் ராயக்கோட்டை–சேலம் 14-லிருந்து 10 ஆகிறது என்று வையுங்கள். மீச்சிறு செலவு முறை இதைக் கவனிக்கவே கவனிக்காது. 8-ஐப் பார்த்ததும் ராயக்கோட்டையைக் காலி செய்துவிடும், ஆரம்ப ஒதுக்கீடு மாறாது. எப்சிலானைப் பர்கூர்–பெங்களூரில் வைத்துச் சோதித்தால்தான் ராயக்கோட்டை–சேலத்தில் 10 − 12 = −2 என்று தெரியும். இப்போது லூப்பில் மைனஸ் கட்டங்கள் ராயக்கோட்டை–பெங்களூரு 600, பர்கூர்–சேலம் 100. எப்சிலான் பிளஸ் பக்கம் போய்விட்டது. ஆகவே 100 பெட்டி உண்மையாகவே நகரும், 200 ரூபாய் குறைந்து 19,000 ஆகும். 5 கட்டமும் நிஜப் பெட்டிகளால் நிரம்பிவிடும். திரும்பச் சோதித்தால் மைனஸ் இல்லை. ஆக, மைனஸைப் பார்த்ததும் அடுத்துப் பார்க்க வேண்டியது, எப்சிலான் லூப்பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை.

அப்புறம், எப்சிலானைத் தேடி அலையாமல் இருக்க ஒரு வழி உண்டு. நான் என் பிள்ளைகளை இப்படித்தான் போடச் சொல்கிறேன். வரிசையும் நிரலும் ஒன்றாகத் தீர்ந்தால் இரண்டையும் அடிக்காதீர்கள், ஒன்றை மட்டும் அடியுங்கள். முதல் அட்டவணையில் ராயக்கோட்டையை மட்டும் அடித்து, பெங்களூரை "இன்னும் 0 வேண்டும்" என்று விட்டுவைப்போம். அடுத்த சின்ன எண் 10, பாலக்கோடு தீர்கிறது. மிச்சம் பர்கூர் வரிசை மட்டும். அதில் சின்னது 12, அந்தக் கட்டத்தில் 0 என்று எழுதுங்கள். பிறகு சேலத்துக்கு 100, சென்னைக்கு 400. எண்ணிப் பாருங்கள், 5 கட்டம். அந்த 0 வந்து உட்கார்ந்தது பர்கூர்–பெங்களூரில், எப்சிலானை நாம் லூப் போட்டு நகர்த்திய அதே கட்டத்தில். எல்லாக் கணக்கிலும் இப்படிச் சரியான கட்டத்திலேயே விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் இணைப்பு அறுந்து u, v பாதியில் நிற்பது மட்டும் நடக்காது.