மூலிகைத் தேநீர்க் கலவையில் இனிப்பு, கசப்பு, வாசனை: கேள்வி பதில்

துளசி, எலுமிச்சைப்புல், அதிமதுரம் எல்லாம் சம அளவு போட்டுக் கலந்தேன். முதல் வாய் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது, குடித்து முடித்தால் தொண்டை முழுக்க இனிப்பு ஒட்டிக்கொள்கிறது. எதைக் குறைப்பது?

அதிமதுரத்தை. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை, இப்போது போடுவதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்.

சர்க்கரை நாக்கில் பட்டதும் தெரியும், விழுங்கியதும் போய்விடும். அதிமதுரத்தின் இனிப்பு தாமதமாக வரும், வந்தால் லேசில் போகாது. முதல் வாயில் தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்போம், அங்கேதான் கெடுகிறது. நானும் ஒரு தடவை 100 கிராம் கலவைக்கு 15 கிராம் போட்டுவிட்டு, இரண்டாவது கோப்பையைக் குடிக்க முடியாமல் ஜாடியையே ஒதுக்கி வைத்திருக்கிறேன். இப்போது 6 கிராமுக்கு மேல் போடுவதில்லை. அந்த அளவில் இனிப்பு என்று தனியாகத் தெரியாது. கசப்பு தங்கவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் அதைச் சேர்ப்பதே.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த 6 கிராமும் போட வேண்டாம். அதிமதுரம் உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும், அழுத்தம் ஏறும். தினமும் குடிக்கிற பானம் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நீங்கள் தினமும் குடிக்கிற கலவையின் அளவைச் சொல்ல முடியுமா?

காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு: துளசி 45, எலுமிச்சைப்புல் 25, ஆரஞ்சுத் தோல் 12, சோம்பு 12, அதிமதுரம் 6. ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மில்லிக்கு, 2 கிராம். கரண்டியால் அளக்காதீர்கள். ஒரு கரண்டி சோம்பின் எடைக்குத் துளசி இலை நான்கைந்து கரண்டி வேண்டியிருக்கும்.

இதில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் நீங்கள் மாற்றிக்கொள்ள முடியும். துளசிதான் உடல். அதில் காரமும் லேசான கசப்பும் வாசனையும் சேர்ந்தே இருக்கின்றன. எலுமிச்சைப்புல் மூக்குக்கு. கசப்புக்கு ஆரஞ்சுத் தோல். தோலின் உள்பக்கத்து வெள்ளைப் பகுதியில்தான் கசப்பு இருக்கிறது, வெளிப்பக்கத்தில் வாசனை எண்ணெய். வெள்ளையை எவ்வளவு சுரண்டி எடுக்கிறீர்களோ அவ்வளவு கசப்பு குறையும். கசப்பை இப்படிக் கத்தியாலேயே கூட்டிக் குறைக்க முடிவதால்தான் எனக்கு இது பிடித்தது. சோம்பு இனிப்பின் முன்பகுதி, அதிமதுரம் பின்பகுதி. சோம்பு சட்டென்று இனித்து மறையும், அது மறைகிற நேரத்துக்கு அதிமதுரம் வந்து சேரும்.

சோம்பின் இனிப்பில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், இனிப்பு சட்டென்று மங்கும். கையை எடுத்தால் திரும்பிவிடும். அதனால்தான் வாசனை போன கலவை கசக்கிறது. கசப்பு கூடியிருக்காது, இனிப்பைத் தாங்கிய வாசனைதான் போயிருக்கும்.

கசப்பு அதிகமானால் இனிப்பை ஏற்றினால் சரியாகிவிடும் அல்லவா? அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. இனிப்பு கசப்பை அமுக்கும், உண்மைதான். ஆனால் ஊறிக்கொண்டே இருக்கிற இலையில் கசப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும், நீங்கள் போட்ட இனிப்பு அதே அளவில்தான் நிற்கும். முதலில் நேரத்தைப் பாருங்கள், பிறகு அளவைத் தொடுங்கள். ஒரே கலவையை நான்கு கோப்பைகளில் போட்டு 3, 5, 8, 12 நிமிடங்களில் வடிகட்டிச் சுவைத்தால் தெரியும். மூன்றில் வாசனை இருக்கும், உடல் இருக்காது. என் கலவை ஆறு நிமிடத்தில் நிற்கிறது. எட்டில் தோலின் கசப்பு முன்னுக்கு வரும், பன்னிரண்டில் அது மட்டும்தான் இருக்கும்.

எனக்கு முதல் பாதிக் கோப்பை அருமையாக இருக்கிறது, மீதிப் பாதி கசக்கிறது.

இலையைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுக் குடிக்கிறீர்கள். வடிகட்டுங்கள்.

அக்கா, தேன் சேர்க்கலாமா?

கோப்பையில் சேர்த்துக்கொள்ளுங்கள், கலவையைச் சோதிக்கும்போது மட்டும் வேண்டாம். தேன் போட்டபின் எந்தக் குறை எந்த மூலிகையால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இலையை ஊறவைத்தால் சாரமே இறங்காது. நாலு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாகச் சுண்டும்வரை கொதிக்கவிட வேண்டும். எங்கள் வீட்டில் காலங்காலமாக அப்படித்தான்.

நீங்கள் சொல்வது கஷாயம். அது வேறு பொருள், அதற்கு அந்த முறை சரி. வேர், பட்டை, காய்ந்த கட்டை எல்லாம் கொதித்தால்தான் இறங்கும். ஆனால் துளசி, புதினா, எலுமிச்சைப்புல் இவற்றின் வாசனை எண்ணெய் நீராவியோடு சேர்ந்து போய்விடும். அடுப்படி முழுக்க மணக்கிறதே, அது கோப்பையில் இருந்திருக்க வேண்டியது. சுண்டிய பிறகு மிஞ்சுவது கசப்பும் துவர்ப்பும்தான்.

இலையை ஊறவைக்கும்போது மூடி போடுங்கள். ஆறு நிமிடம் கழித்து மூடியைத் திருப்பி, உள்பக்கம் நிற்கிற துளிகளை முகர்ந்து பாருங்கள். தேநீரைவிட அந்தத் துளிகள்தான் அதிகம் மணக்கும். மூடியைத் தட்டி அதைக் கோப்பைக்குள்ளேயே விழவிடுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறேன். அதிமதுரம் துளிதானே, பரவாயில்லையா?

வேண்டாம். சோம்பை 18 ஆக்கிக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

கசப்பு உடம்புக்கு நல்லது என்பதால் நிலவேம்பு சேர்க்க நினைக்கிறேன். எவ்வளவு போடலாம்?

அன்றாடக் கலவையில் போடாதீர்கள். நிலவேம்பின் கசப்பை எந்த இனிப்பும் எட்டிப் பிடிக்காது. ஒரு சிட்டிகை போட்டாலும் மற்ற ஐந்தும் காணாமல் போகும். அது மருந்தாகக் குறிப்பிட்ட நாட்களுக்குக் குடிக்கிற சரக்கு. உங்களுக்குக் கசப்பு பிடிக்கும் என்றால் ஆரஞ்சுத் தோலை வெள்ளையோடு போட்டு 15 ஆக்குங்கள்.

கஷாயம் பற்றிச் சொன்னவன்தான். உங்கள் கலவையிலும் அதிமதுரம் வேர், சோம்பு விதை. ஆறு நிமிட ஊறலில் அவை எப்படி இறங்கும்? நீங்களே வேர் கொதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள்.

நல்ல கேள்வி, நான் மேலே விளக்கியிருக்க வேண்டும். அதிமதுரத்தை நான் குச்சியாகப் போடுவதில்லை, அரிசிமணி அளவுக்கு உடைத்துப் போடுகிறேன். உடைத்த வேர் கொதித்த நீரில் ஆறு நிமிடத்தில் போதுமான அளவு இறங்கிவிடும். குச்சியாகப் போட்டால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, இறங்காது. சோம்பைக் கலவையில் முழுதாக வைத்து, கோப்பைக்கு எடுக்கும்போது இரண்டு விரலால் நசுக்குகிறேன். முன்கூட்டியே நசுக்கினால் மணம் ஜாடியிலேயே செத்துவிடும்.

ஏலக்காய்த் தோல், சுக்கு போன்ற கெட்டிச் சரக்குகளைச் சேர்ப்பவர்கள் இரண்டு கட்டமாகச் செய்யலாம். கெட்டியானவற்றைப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு இலைகளைப் போட்டு மூடுங்கள். இதில் நாம் இருவருமே ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன்.

ஒத்துப்போகவில்லை. துளசியையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுக் குடிக்கிறேன், மணம் இருக்கத்தான் செய்கிறது.

இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. துளசியில் கிராம்பு மணம் கொடுக்கிற பொருள் அவ்வளவு சீக்கிரம் போகாது. போவது அதற்கு மேலே மிதக்கிற மெல்லிய, பச்சையான மணம். எலுமிச்சைப்புல்லில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த வகை. ஒரே துளசியில் ஒரு கோப்பை கொதிக்கவைத்தும் ஒரு கோப்பை ஊறவைத்தும், எது எதென்று தெரியாமல் வேறொருவரைக் கொடுக்கச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். கொதித்ததுதான் பிடித்தது என்றால் அப்படியே குடியுங்கள், சுவை உங்களுடையது.

தேன் எப்போது சேர்ப்பது?

மேலே சொல்லிவிட்டேன்.

ஜாடி புதிதாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது. அடிக்கு வர வர இனிப்பு தூக்கலாகிறது. கெட்டுப்போகிறதா?

கெடவில்லை, பிரிகிறது. அதிமதுரத் துணுக்கும் சோம்பும் கனம், இலை லேசு. ஜாடியை எடுக்க எடுக்க, ஆட்ட ஆட்டக் கனமானவை அடிக்கு இறங்கும். இலையைப் பெரிதாக விடாமல் கையால் நொறுக்கி, எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பொடி மட்டும் ஆக்காதீர்கள், பொடியில் கசப்பு ஒரே மூச்சில் இறங்கிவிடும். கோப்பைக்கு எடுக்குமுன் ஜாடியைப் படுக்கவைத்து இரண்டு சுற்று உருட்டுங்கள்.

பால் ஊற்றிக் குடிக்கலாமா? டீத்தூளோடு இதைக் கலக்கலாமா?

இன்றைய பேச்சு டீத்தூள் இல்லாத கலவை பற்றியது. பால் கசப்பை மழுக்கும், எலுமிச்சைப்புல்லையும் சேர்த்தே மழுக்கும்.

புதுக் கலவை செய்யும்போது ஒவ்வொரு முறையும் சரக்கு வீணாகிறது. எப்படிச் சோதிப்பது?

உலர் சரக்கைக் கலக்காதீர்கள், தேநீரைக் கலங்கள். ஐந்தையும் தனித்தனிக் கோப்பையில் 2 கிராம் வீதம் ஒரே நேரம் ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பிறகு வெறும் கோப்பையில் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். நான் தொடங்கியது துளசி 9 கரண்டி, எலுமிச்சைப்புல் 5. குடித்தால் நடுவில் குழி விழுந்த மாதிரி இருந்தது, மணம் வந்தது, அதன்பின் ஒன்றுமில்லை. ஆரஞ்சுத் தோல் 2 கரண்டி சேர்த்ததும் குழி நிறைந்தது, ஆனால் நாக்கின் அடியில் கசப்பு நின்றது. சோம்பு 2 கரண்டியில் முன்பக்கம் தணிந்தது, பின்பக்கம் நின்றுகொண்டே இருந்தது. அதிமதுரம் ஒரு கரண்டி, அது அடங்கியது. கரண்டிகளைச் சேர்த்து எடைக்கு மாற்றினேன், பின் தோலையும் சோம்பையும் கிராம் கணக்கில் நகர்த்தி இப்போதைய அளவுக்கு வந்தேன். செலவான சரக்கு பத்தே கிராம்.

அதிமதுரம் இயற்கைதானே, தினமும் மூன்று கோப்பை குடித்தால் என்ன?

இயற்கைதான், அழுத்தத்தை ஏற்றுவதும் அந்த இயற்கைதான். அதிலுள்ள கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பாவில் சொல்லப்படும் எல்லை. என் கலவையில் ஒரு கோப்பைக்கு 0.12 கிராம் வேர் வருகிறது. வேரில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பொருள் என்று தாராளமாக வைத்தாலும் 12 மில்லிகிராம்தான், மூன்று கோப்பைக்கு 36. சம அளவு கலந்த முதல் கேள்விக்காரர் ஒரே கோப்பையில் 0.67 கிராம் வேரைப் போடுகிறார். அதே கணக்கில் இரண்டாவது கோப்பையிலேயே எல்லையைத் தாண்டிவிடுவார். அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்கே பொருந்தாது, அவர்கள் விட்டுவிட வேண்டும்.

கஷாயக்காரன்தான் மறுபடி. நீங்கள் சொன்ன மாதிரி கண்ணைக் கட்டிக் குடித்தேன். துளசியில் ஊறவைத்ததுதான் மணமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டைக் கொதிக்கவிட்டால்தான் மணம் வருகிறது. ஊறவைத்தால் வெந்நீர்தான்.

அடித்தண்டை நான் முயன்றதில்லை, எப்போதும் இலையைத்தான் காயவைக்கிறேன். தண்டு கெட்டி, எண்ணெய் உள்ளே அடைபட்டிருக்கும். நீங்கள் சொல்வதற்கு இடம் இருக்கிறது. தண்டை நசுக்கி, மூடி போட்டு இரண்டே நிமிடம் கொதிக்கவிட்டதையும், நசுக்கி ஊறவைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நானும் இந்த வாரம் தண்டு வாங்கிச் செய்கிறேன்.