சராசரி வயதா, இடைநிலை வயதா: அறிக்கையில் எதைப் போடுவது?

கேள்வி: எங்கள் குழுவில் 9 பேர். வயது 23, 24, 24, 25, 26, 27, 28, 29, 58. சராசரி 29.3 வருகிறது, இடைநிலை 26 வருகிறது. குழுவைப் பற்றிய அறிக்கையில் எதைப் போடுவது? ஒரு பள்ளி வகுப்புக்கும் இதே பதில்தானா?

பதில்:

இந்தக் குழுவுக்கு இடைநிலை வயது 26 என்று போடுங்கள். பக்கத்திலேயே "23 முதல் 58 வரை" என்றும் சேர்த்துவிடுங்கள். பள்ளி வகுப்பு என்றால் என் பதில் நேர் எதிர். அங்கே சராசரிதான், அதுவும் தசமத்தோடு.

முதலில் உங்கள் குழு. 29.3 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஆட்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். 9 பேரில் 8 பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள். மேலே இருப்பவர் ஒரே ஒருவர், அவரும் ரொம்பத் தூரத்தில் இருக்கிறார். மொத்த வயது 264. அதில் அந்த 58-ஐ எடுத்துவிட்டால் மீதி 206, அதை 8-ஆல் வகுத்தால் 25.75. அதாவது ஒரே மனிதர் குழு முழுவதன் சராசரியை மூன்றரை வயதுக்கு மேல் தூக்கியிருக்கிறார். சராசரி என்பது மொத்தத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடும் கணக்கு. மற்றவர்களின் சராசரியைவிட அவருக்கு முப்பது வயதுக்கு மேல் கூடுதல். அந்தக் கூடுதலை 9 பங்காகப் பிரித்து 23 வயதுக்காரர் தலையிலும் ஒரு பங்கு வைத்துவிடுகிறது.

இடைநிலை அப்படிச் செய்யாது. வயதுகளை வரிசையாக நிற்க வைத்து நடுவில் இருக்கும் ஐந்தாவது ஆளைக் கேட்கிறது: உனக்கு என்ன வயது? 26. பெரியவருக்கு 58 இல்லாமல் 40 என்றாலும், 70 என்றாலும் அதே 26-தான். அவர் நடுவுக்கு மேலே இருக்கிறார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எவ்வளவு மேலே என்பது தெரியாது. உங்கள் அறிக்கையைப் படிப்பவர் "இந்தக் குழுவில் பொதுவாக எந்த வயதுக்காரர்கள்?" என்று நினைத்துப் படிப்பார் என்றால், 26 அவருக்குச் சரியான படத்தைத் தரும்.

அடுத்த அறிக்கையையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் குழுவை விட்டுப் போனால் சராசரி 29.3-இலிருந்து 25.8-க்கு இறங்கும். படிப்பவர் குழு திடீரென்று இளமையாகிவிட்டது என்று நினைப்பார். மீதி 8 பேரின் வயதில் ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது. இடைநிலை 26-இலிருந்து 25.5 ஆகும், அவ்வளவுதான் (8 பேர் என்றால் நடுவில் இருவர் நிற்பார்கள், 25-க்கும் 26-க்கும் பாதி). ஆள் யாரும் மாறாமல் ஓராண்டு போனால் சராசரியும் இடைநிலையும் இரண்டுமே சரியாக 1 கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் யாரோ வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள், அல்லது கணக்கில் எங்கோ பிழை. ஆண்டுதோறும் அறிக்கை தருபவர்கள் இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 26 என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அந்த 58 வயதுக்காரர் காணாமல் போய்விடுகிறார். அது நியாயமில்லை. அதனால்தான் "23 முதல் 58 வரை" என்பதைக் கூடவே போடச் சொன்னேன்.

சராசரிக்கும் இடைநிலைக்கும் நடுவே இப்படி 3 வயது இடைவெளி தெரிந்தால், எதைப் போடுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்வேன்: அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தேடுவேன். உங்கள் விஷயத்தில் 58 வயதில் உண்மையாகவே ஒருவர் இருக்கிறார், சரி. எல்லா நேரமும் அப்படி இருக்காது. ஒருமுறை எனக்கு 30 பேர் பட்டியல் வந்தது. எல்லோரும் இருபதுகளில் இருப்பவர்கள் என்று எனக்கே தெரியும், ஆனால் சராசரி 33.5 என்று வந்தது. வரிசைப்படுத்திப் பார்த்தேன். இரண்டு பேருக்கு 125 வயது! அவர்களுடைய பிறந்த தேதி நிரப்பப்படவே இல்லை. எக்செல் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. அதன் நாட்காட்டியோ 1900-இல் தொடங்குகிறது. அதனால் தேதி எழுதாதவர்கள் எல்லோரும் 1900-இல் பிறந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். உண்மையான சராசரி 27. இரண்டு காலிக் கட்டங்கள் அதை ஆறரை வயது ஏற்றிவிட்டன. இடைநிலையோ அசையவே இல்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் நான் பட்டியலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். எனவே ஒன்றைத்தான் அச்சில் போடப்போகிறீர்கள் என்றாலும் இரண்டையும் கணக்கிடுங்கள்.

பிறந்த தேதி B பத்தியிலும், எந்தத் தேதிக்கு வயது வேண்டுமோ அது E1-இலும் இருந்தால், C பத்தியில் இப்படி:

```
=IF(B2="","",YEARFRAC(B2,$E$1))
```

பிறகு:

```
=AVERAGE(C2:C10)
=MEDIAN(C2:C10)
```

தேதி இல்லாதவர்களை இது கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதை மட்டும் நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். E1-இல் `TODAY()` போடாமல் ஒரு தேதியை நிலையாக எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் எண் மாறும், அறிக்கையில் இருப்பதோடு ஒத்துப்போகாது.

இப்போது பள்ளி வகுப்பு. அங்கே எல்லோரும் ஓரிரண்டு வயதுக்குள் அடங்கிவிடுகிறார்கள். 58 மாதிரித் தூரத்தில் நிற்கும் ஆள் கிடையாது. அதனால் சராசரியை யாரும் இழுக்கப்போவதில்லை. சிக்கல் இப்போது இடைநிலையின் பக்கம் வருகிறது. 41 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் முடிந்த வயதுதான் இருக்கிறது: 21 பேருக்கு 10, 20 பேருக்கு 11. வரிசையில் நடு ஆள் 21-ஆவது பிள்ளை, வயது 10. மறுநாள் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். இப்போது 20 பேருக்கு 10, 21 பேருக்கு 11. நடு ஆளின் வயது 11! ஒரே பிறந்தநாளில் வகுப்பின் இடைநிலை வயது ஒரு முழு ஆண்டு தாவிவிட்டது. சராசரி என்ன ஆயிற்று? 10.49-இலிருந்து 10.51. நடந்த மாற்றத்தின் அளவை அது ஒழுங்காகக் காட்டுகிறது. வயதுகள் ஓரிரண்டு எண்களிலேயே குவிந்து கிடக்கும் இடத்தில் இடைநிலை இப்படித்தான் முழு ஆண்டாகத் தாவும். இரண்டு வகுப்புகளை ஒப்பிடும்போது "இதன் இடைநிலை 10, அதன் இடைநிலை 11" என்று சொன்னால் அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கலாம்.

பிறந்த தேதியிலிருந்து தசமத்தோடு வயதை எடுத்தால் இந்தத் தாவல் பெரும்பாலும் போய்விடும். இன்னொரு பிழையும் சேர்ந்தே சரியாகும். முடிந்த வயதில் "10" என்று எழுதப்பட்ட பிள்ளை, இன்று காலை 10 ஆனவனாகவும் இருக்கலாம், நாளை 11 ஆகப்போகிறவனாகவும் இருக்கலாம். பிறந்தநாட்கள் ஆண்டு முழுக்கப் பரவியிருக்கும் என்பதால், "10" என்பவர்களின் உண்மையான சராசரி 10.5 அருகில் இருக்கும். ஆகவே முடிந்த வயதை வைத்துப் போட்ட சராசரி ஏறக்குறைய அரை ஆண்டு குறைவாகவே வரும். பெரியவர்கள் குழுவில் அரை ஆண்டை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைகளிடம் அது கவனிக்க வேண்டிய வித்தியாசம்தான்.

வகுப்புக்குச் சராசரி வசதியானது என்பதற்கு இன்னொரு காரணம், அதைச் சேர்க்க முடியும். ஒரு பிரிவில் 41 பேர், சராசரி 10.5, இன்னொன்றில் 35 பேர், சராசரி 10.9 என்றால், ஒவ்வொன்றையும் ஆள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி 76-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் சேர்ந்த சராசரி வந்துவிடும், 10.7 அளவில். இரண்டு பிரிவுகளின் இடைநிலையை மட்டும் கொடுத்தால் மொத்தத்தின் இடைநிலையைக் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லா வயதுகளையும் திரும்ப வாங்கி, புதிதாக வரிசைப்படுத்த வேண்டும்.

கடைசியாக, இரண்டுமே உதவாத ஒரு வகைக் குழு உண்டு. அதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்தவர்கள் 10 பேர்: 19, 20, 20, 21, 22, 46, 47, 48, 50, 52. சராசரி 34.5, இடைநிலை 34. இரண்டும் ஒட்டி வந்ததால் நான் நிம்மதியாக "சராசரி வயது 34.5" என்று எழுதி அனுப்பினேன். பயிற்சி தருபவர் முப்பதுகளில் இருப்பவர்களை எதிர்பார்த்துப் பாடம் தயாரித்து வந்தார். வகுப்பில் முப்பதுகளில் ஒருவரும் இல்லை. பாதிப் பேர் படிப்பை இன்னும் முடிக்காதவர்கள், பாதிப் பேர் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவர்கள். அன்று முழுவதும் அவர் தன் பாடத்தைக் கையோடு மாற்றிக்கொண்டே நடத்த வேண்டியதாயிற்று. அந்த 10 பேரில் 46 வயதுக்காரர் பதிவு செய்யாமல் இருந்திருந்தால் சராசரி 33.2 ஆகவும் இடைநிலை 22 ஆகவும் இருந்திருக்கும். இடைநிலை ஒரே ஆளால் 12 வயது ஆடியிருக்கும். நடுவில் ஆளே இல்லாத குழுவில் இடைநிலைக்குப் பிடித்து நிற்க இடம் கிடையாது. அங்கே "5 பேர் 19 முதல் 22 வரை, 5 பேர் 46 முதல் 52 வரை" என்று எழுதுவதுதான் சரி. இப்போதெல்லாம் சராசரியும் இடைநிலையும் ஒன்றாக வந்தாலும் வயதுகளை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் அறிக்கைக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: "குழுவில் 9 பேர். இடைநிலை வயது 26. வயது வரம்பு 23 முதல் 58 வரை. ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் 30-க்குக் கீழ்." எந்தத் தேதிக்கான வயது என்பதையும் அடியில் குறிப்பிட்டுவிடுங்கள்.