விமர்சனம் முன்னால், கட்டுரை பின்னால்

“எந்தப் படம் பார்ப்பது என்று முடிவு செய்ய பாட்காஸ்ட் விமர்சனங்களும் வீடியோ கட்டுரைகளும் கேட்கிறேன். பிறகு படத்தைப் பார்த்தால், அவர்கள் சொன்னதைச் சரிபார்ப்பது போலவே இருக்கிறது. என் கண்ணே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?”
— ஒரு வாசகி, திருநெல்வேலி

விமர்சனத்தைப் படத்துக்கு முன்னும், வீடியோ கட்டுரையைப் படத்துக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விமர்சகரைச் சோதியுங்கள். நீங்கள் ஏற்கெனவே பார்த்த ஐந்து படங்களைப் பற்றி அவர் பேசியதைக் கேளுங்கள். உங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. “மெதுவாக நகர்கிறது” என்று அவர் அலுத்துக்கொள்ளும் படமெல்லாம் உங்களுக்குப் பிடிக்கிறதென்றால், அவரும் உங்களுக்கு நல்ல வழிகாட்டியே. புதுப் படம் வரும்போது, அது எந்த வகை, எப்படி நகர்கிறது என்பது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கதைக்குள் போனால் அதற்கு மேல் வேண்டாம்.

வீடியோ கட்டுரைக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். டோனி ஜோவும் டெய்லர் ராமோஸும் நடத்திய ‘எவ்ரி ஃபிரேம் எ பெயின்டிங்’ என்ற யூடியூப் தொடரில், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவைப் பற்றி 2015இல் ஒரு வீடியோ கட்டுரை வந்தது. மழை, காற்று போன்ற இயற்கையின் அசைவு, கூட்டத்தின் அசைவு, தனி மனிதரின் அசைவு, கேமராவின் அசைவு என்று அது பிரித்துக் காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகு அவருடைய ‘செவன் சாமுராய்’ (1954) படத்தில் ஒரே ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சாமுராய்களில் ஒருவனான ஹெய்ஹாச்சியைப் புதைத்துவிட்டு எல்லோரும் துயரத்தில் உறைந்திருக்கிறார்கள். அப்போது அவன் தோழன் கிகுச்சியோ ஓடிப்போய், இறந்தவன் செய்துவைத்த கொடியை எடுத்துக் கூரைமேல் ஏறி நடுகிறான். கீழே கூட்டம் அசைவற்றுக் கிடக்க, மேலே துணி மட்டும் காற்றில் படபடக்கிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அழுகையைக் கொடிதான் சுமக்கிறது. இதைக் கட்டுரை எனக்குச் சொல்லவில்லை. எங்கே பார்ப்பது என்று மட்டும் கற்றுக்கொடுத்தது, பார்த்தது நான்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கட்டுரை எழுதுபவர் தம் வாதத்துக்குப் பொருந்தும் துண்டுகளையே எடுப்பார். அவற்றைச் சுருக்கி வெட்டி, மேலே தம் குரலையோ இசையையோ போடுவார். ஆகவே ஷாட்டின் நீளம், மௌனம், தாளம் பற்றி அவர் சொல்வதை மூலப் படத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள்.

உங்கள் பயத்துக்கு மருந்து ஒரு சிறு நோட்டு. படம் முடிந்ததும், யார் பேச்சையும் கேட்பதற்கு முன், மனதில் நின்ற இரண்டு காட்சிகளை எழுதுங்கள். ஒருநாள் விட்டுக் கட்டுரையைப் பாருங்கள். நீங்கள் எழுதிய காட்சியை அவர் தொடவே இல்லை என்றால், அன்று மாலை அதையே மறுபடி ஓடவிட்டு, எது அசைகிறது என்று பாருங்கள்.