மருந்தடிப்பையும் கடையோட சேருங்கோ

"பரந்தனில் கடை. விதை, பசளை வித்து வாற லாபம் காணாது. வேறென்ன சேவை செய்யலாம்?"

அண்ணை, களைநாசினி விக்கிற நீங்களே ஆள் வைச்சு அடிச்சும் குடுங்கோ. கூலியை ஏக்கருக்குப் பேசுங்கோ. தாங்கிக் கணக்கெண்டால் தாங்கியைக் கூட்டத்தான் பாப்பினம். முதல் வெறுந்தண்ணியில அளவுங்கோ. பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் நிலத்துக்கு 2 லீற்றர் போனால், ஏக்கருக்கு 80 லீற்றர், 16 லீற்றர் தாங்கியால ஐஞ்சு. லேபிளில ஏக்கருக்குப் போட்ட மருந்தை ஐஞ்சாப் பிரிச்சு ஊத்துங்கோ.

எங்கட ஆள் அடிச்ச வயலொண்டில கோடு கோடாய்ப் புல்லு நிண்டது. பாத்தால் நொசில் தேஞ்சுபோச்சு. நிமிசத்துக்கு வாற தண்ணியை வாளியில பிடிச்சு, புது நொசிலை விடப் பத்திலொரு பங்கு கூடினால் உடனே மாத்துங்கோ. காத்தடிக்கிற அண்டைக்கு வேலை எடுக்காதேங்கோ, பக்கத்து மிளகாய்த்தோட்டம் கருகினால் நட்டஈடு உங்கட தலையில.