ஏழு நிமிடமும் அரை மணித்தியாலமும்

வணக்கம் ஐயா. எனக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். 2001 ஓகஸ்ட் 20ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள். மூத்தவள் முற்பகல் 10.48, இளையவள் 10.55. இளையவள் 20 வயதில் கலியாணம் முடித்து இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். மூத்தவள் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியையாக இருக்கிறாள், ஆனால் வருகிற சம்பந்தமெல்லாம் குழம்பிப் போகிறது. மூத்தவளின் நவாம்ச லக்கினம் சனி வீடான கும்பம் என்றும், இளையவளுடையது குரு வீடான மீனம் என்றும், ஏழு நிமிடத்தில் விதி மாறிவிட்டது என்றும் சாத்திரியார் சொல்கிறார். இது சரிதானா? இரண்டு சாதகங்களின் பிரதிகளையும் அனுப்பியுள்ளேன்.
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள அம்மா,

பிரதிகளை ஆறுதலாகப் பார்த்தேன். உங்கள் அனுமதி கிடைத்ததால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில், இரு சாதகங்களிலும் மாறாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் துலா லக்கினம், பூர நட்சத்திரம், சிங்க இராசி. இருவருக்கும் ஏழாம் வீட்டுக்குடைய செவ்வாய் இரண்டாம் வீடான விருச்சிகத்தில் இருக்கிறது. ஆகவே செவ்வாய் குற்றம் என்று சொல்வதானால் இருவருக்கும் சொல்ல வேண்டும், சொந்த வீட்டில் இருப்பதால் விலக்கு என்றால் அந்த விலக்கும் இருவருக்கும் உரியது. பூரத்தில் பிறந்ததால் இருவரும் சுக்கிர திசையில் தொடங்கி, சூரிய திசையைக் கடந்து, இப்போது சந்திர திசையில் நிற்கிறார்கள். கிரகங்களில் மிக விரைவாக நகரும் சந்திரன்கூட ஏழு நிமிடத்தில் நான்கைந்து கலைக்கு மேல் நகர்வதில்லை; ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் கலை. அந்த நகர்வினால் திசை இருப்பில் ஏற்படும் வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 40 நாள் வருகிறது. அதாவது இளைய மகளுக்கு ஒவ்வொரு திசையும் அக்காவுக்குத் தொடங்குவதற்கு 40 நாள் முன்னதாகத் தொடங்கும். ஒருத்தி 20 வயதில் மணம் முடிக்க, மற்றவள் இன்னும் முடிக்காதிருப்பதை இந்த 40 நாளால் விளக்க முடியாது.

ஆகவே சாத்திரியார் லக்கினத்தை நாடியதில் வியப்பில்லை. சாதகத்தில் நிமிடக் கணக்கில் மாறுவது அது ஒன்றுதான். லக்கினம் ஒரு பாகை நகரச் சுமார் 4 நிமிடம் எடுக்கும். ஓர் இராசியை ஒன்பதாகப் பிரித்த நவாம்சம் 3 பாகை 20 கலை என்பதால், சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை நவாம்ச லக்கினம் மாறும். ஏழு நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையருக்கு அது மாறவும் கூடும், மாறாமலும் போகலாம். உங்கள் பிள்ளைகளுக்கு மாறியிருக்கிறது. அவ்வளவு தூரம் அவர் சொன்னது சரி.

ஆனால் அவர் கணித்த லக்கினப் பாகையே தவறு. மூத்தவளுக்குத் துலாம் 16 பாகை 30 கலை என்றும், இளையவளுக்கு 18 பாகை 15 கலை என்றும் பிரதியில் இருக்கிறது. அதே நேரத்தை நான் கணித்தபோது முறையே ஏறக்குறைய 9 பாகையும் 10 பாகை 45 கலையும் வந்தன. வித்தியாசம் ஏழரைப் பாகை, அதாவது சரியாக அரை மணித்தியாலம். இந்த அரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது என்பது நம் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் திருப்பப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. ஆகவே 2001இல் நகரத்து ஆஸ்பத்திரிச் சுவரில் 10.48 என்றால், இன்றைய கணக்கில் அது 10.18. உங்கள் சாத்திரியார், அல்லது அவர் பாவிக்கும் கணினி, இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டிருக்கிறது.

திருத்திய கணக்கில் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். துலாத்தில் நவாம்சங்கள் துலாத்திலிருந்தே தொடங்கும். மூத்தவளின் 9 பாகை மூன்றாவது நவாம்சத்தில், அதாவது தனுசில் விழுகிறது. இளையவளின் 10 பாகை 45 கலை நான்காவது நவாம்சமான மகரத்தில் விழுகிறது. தனுசு குருவின் வீடு, மகரம் சனியின் வீடு. சாத்திரியாரின் அதே விதியை வைத்துக்கொண்டால், தாமதம் இளையவளுக்கும் இளவயதுக் கலியாணம் மூத்தவளுக்கும் வந்திருக்க வேண்டும். பிழையான நேரத்தில் பொருந்திய விளக்கம் சரியான நேரத்தில் தலைகீழாகிவிட்டது. நாளைக்கே இந்தத் திருத்தத்தை அவரிடம் காட்டினால், சனி தன் வீட்டில் திருமணத்தை நிலைநிறுத்துவார் என்றோ, குரு கல்வியைத் தந்து கலியாணத்தைத் தள்ளிவைத்தார் என்றோ அவர் விளக்கம் தரக்கூடும். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு வாழ்க்கைகளையும் முன்னரே அறிந்தபின் சாதகத்தைத் திறக்கும் எவருக்கும் பொருத்தமான ஒரு விதி கைக்கு வந்துவிடும் என்பதே இங்குள்ள சிக்கல்.

நேரத்தைத் திருத்திவிட்டால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். சாத்திரியாரின் சாதகத்தில் மூத்தவள் நின்ற 16 பாகை 30 கலைக்கும் அடுத்த நவாம்சத்தின் எல்லையான 16 பாகை 40 கலைக்கும் இடையே பத்துக் கலைதான். ஒரு நிமிடம் பிந்திப் பிறந்திருந்தால் இருவருக்கும் மீனமே வந்திருக்கும். தமிழகத்தைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி வகுத்த கே.பி. முறை இரட்டையர் சிக்கலுக்கு விடையாகவே பலராலும் எடுத்துக் காட்டப்படுகிறது. அதில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒன்பது சமமற்ற உபபிரிவுகளாக உடைபடும். மிகச் சிறிய பிரிவு 40 கலை, லக்கினம் அதைக் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த முறையிலும் ஏழாம் பாவத்தின் தொடக்கம் உங்கள் மூத்த மகளுக்குக் குருவின் பிரிவிலும் இளையவளுக்குச் சனியின் பிரிவிலும் விழுகிறது. ஆனால் மூத்தவளின் புள்ளி சனியின் எல்லைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில்தான் நிற்கிறது. ஆஸ்பத்திரிக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடியிருந்தால் அவளும் சனியின் பிரிவுக்குள் வந்துவிடுவாள்.

பிறந்த நேரம் என்று எதைக் குறித்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. தலை தெரிந்த நேரமா, உடல் முழுதும் வெளிவந்த நேரமா, முதல் அழுகையா, கொப்பூழ்க்கொடி அறுத்த நேரமா என்பதில் சாத்திரிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரசவ அறையில் இரண்டாவது பிள்ளையை எதிர்பார்த்து நிற்கும் தாதிக்கு, முதற் பிள்ளையின் நேரத்தை உடனே எழுத அவகாசம் கிடைப்பதும் அரிது. பிரிவு எவ்வளவு நுண்மையாகிறதோ, அதற்கேற்ற நுட்பமான நேரம் நம்மிடம் இல்லாமல் போகிறது. அப்போது சிலர் நடந்து முடிந்த சம்பவங்களை வைத்து நேரத்தைத் திருத்துவார்கள். வாழ்க்கையைப் பார்த்து நேரத்தை அமைத்துவிட்டு, அந்த நேரத்தால் வாழ்க்கையை விளக்குவது வட்டத்தில் சுற்றுவதுதான்.

இந்த வாதம் புதிதன்று. நிகிதியுசு என்ற உரோமச் சோதிடர், சுழலும் குயவன் சக்கரத்தில் விரைவாக இருமுறை மை தொட்டு, சக்கரம் நின்றபின் இரு புள்ளிகளும் வெகுதூரம் விலகி நிற்பதைக் காட்டினாராம்; வானம் அதைவிட வேகமாகச் சுழல்வதால் இரட்டையர் வாழ்க்கையும் அவ்வாறே விலகும் என்பது அவர் கட்சி. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் அதற்குச் சொன்ன மறுமொழி, நான் அறிந்தவரை, இன்றும் தகர்க்கப்படவில்லை: அவ்வளவு சிறிய இடைவெளி அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யுமானால், அந்த இடைவெளியை அளக்க முடியாத சோதிடர் மற்றவர்களுக்கு எதை வைத்துப் பலன் சொல்கிறார்? ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்த யாக்கோபின் கதையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

இரட்டையரை விட்டு ஒரே நேரத்தில் பிறந்த அயலாரைப் பார்த்தால் இடைவெளி என்ற வாதமும் இல்லாமல் போகிறது. அன்று அதே நிமிடத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தால், தீர்க்கரேகை வேறுபாட்டினால் லக்கினம் ஒரு சில கலைதான் மாறியிருக்கும். ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பகுதிகளில் பழைய நேரமே பாவனையில் இருந்தது. அங்கே அதே கணம் 10.18 என்று எழுதப்பட்டிருக்கும். வானம் ஒன்று, சாதகம் ஒன்று. ஆனால் ஒருத்தி நகரத்துப் பாடசாலைக்குப் போனாள், மற்றவள் 2007இல் இடம்பெயர்ந்து தரப்பாள் கூடாரத்தில் இருந்தாள் என்று வைத்துக்கொண்டால் நம் ஊரில் அதை மிகை என்று எவரும் சொல்ல மாட்டார். மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 காலையில் அம்பாறை மாவட்டக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்கள் எல்லா லக்கினத்திலும் எல்லாத் திசையிலும் பிறந்தவர்கள்.

இதற்குப் பழைய சாத்திரிகள் சொல்லும் விடை தேசம், காலம், பாத்திரம் பார்த்தே பலன் சொல்ல வேண்டும் என்பது. இது நேர்மையான விடை என்று நான் கருதுகிறேன், ஆனால் அதை முழுமையாக ஏற்றால், இரு வாழ்க்கைகளை வேறுபடுத்துவது சாதகத்துக்கு வெளியே இருக்கிறது என்பதையும் ஏற்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது: ஒருத்தி படிக்கப் போனாள், மற்றவள் போகவில்லை.

இனிச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மூத்தவளின் சம்பந்தங்கள் எதனால் குழம்பின என்று தரகரிடம் கேளுங்கள். இந்தச் சாதகத்தைக் காட்டியதால் குழம்பியிருந்தால், அதைத் திருத்தி எழுதுவிக்காமல் இனி எவரிடமும் கொடுக்க வேண்டாம். 2001ஆம் ஆண்டு நேரத் திருத்தம் செய்தீர்களா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி. சாத்திரத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், உங்களை அறியாத ஒருவரிடம் பெயரில்லாத இரு சாதகங்களையும் கொடுத்து, இருவரில் ஒருத்தி மட்டும் மணமானவள், அவள் யார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் சரியாகச் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம், நாணயம் சுண்டினாலும் பாதி வாய்ப்பு உண்டு. பத்துச் சோடி இரட்டையரில் ஒன்பதுக்குக் குறையாமல் சரியாகச் சொல்வாரானால் அது தற்செயலாக அமைய நூற்றில் ஒன்றளவே வாய்ப்பு. அப்படி ஒருவர் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், நான் போய்ச் சந்திக்கிறேன்.