இண்டஸ்ட்ரி ஆவரேஜ் பாத்து சிடிஆர் டார்கெட் போடலாமா? கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைன்ல மசாலா பொடி விக்கிறோம் சார். கூகுள் விளம்பரத்துல போன மாசம் சிடிஆர் 4.3%, இந்த மாசம் 3.9%. ஏஜென்சி நல்லா போகுதுங்கறாங்க, முதலாளி ஒத்துக்க மாட்டேங்கறார்.

ஏஜென்சி சொல்றதுதாங்க சரி. நீங்க அனுப்புன ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் பாத்தேன். போன மாசம் உங்க கடைப் பேரைப் போட்டே தேடுனவங்களுக்கு விளம்பரம் 1,000 தடவை தெரிஞ்சு 300 கிளிக், அதாவது சிடிஆர் 30%. சாம்பார் பொடின்னு பொதுவா தேடுனவங்களுக்கு 20,000 தடவை தெரிஞ்சு 600 கிளிக், 3%. இந்த மாசம் அதே 1,000க்கு 310, பொதுத் தேடல்ல 40,000க்கு 1,280, ஆக 31%, 3.2%. ரெண்டுமே ஏறியிருக்கு, ஆனா பட்ஜெட் கூட்டுனதால உங்களைத் தெரியாத ஆளுங்க டபுள் ஆயிட்டாங்க, அதான் மொத்தமா பாக்கும்போது இறங்கின மாதிரி தெரியுது. இண்டஸ்ட்ரி ஆவரேஜும் இதே மாதிரி கலந்து கட்டினதுதான், அதுல பேர் தேடல் எவ்ளோ பொதுத் தேடல் எவ்ளோன்னு தெரியாம அதோட உங்களை ஒப்பிடவே முடியாது.

கேள்வி: ஃபேஸ்புக்ல எங்களுக்கு டார்கெட் எவ்ளோ வைக்கலாம்?

முதல்ல ரிப்போர்ட்ல நீங்க எந்த சிடிஆர் நம்பரைப் பாக்குறீங்கன்னு பாருங்க. `CTR (all)`ல லைக், கமென்ட் எல்லாம் சேரும், நமக்கு வேண்டியது லிங்க் கிளிக் மட்டும். அப்புறம் கணக்கைப் பின்னாடி இருந்து போடுங்க. ஒரு ஆர்டருக்கு 450 ரூபா வரைக்கும் விளம்பரத்துக்குக் குடுக்க முடியும்னு வைங்க. புது ஆளுங்க 100 பேர் வந்தா 2 பேர் வாங்கினா ஒரு கிளிக்குக்கு 9 ரூபா தாங்கும், 1,000 தடவை காட்ட 120 ரூபா ஆகுதுன்னா 1.33% சிடிஆர் வேணும். கார்ட்ல போட்டுட்டுப் போனவங்கன்னா 100க்கு 8 பேர் வாங்கினா கிளிக்குக்கு 36 ரூபா தாங்கும், 1,000 தடவைக்கு 300 ரூபா ஆனாக்கூட 0.83% போதும். வாங்குற கட்டத்துக்கு நெருங்கினவங்ககிட்ட சிடிஆர் அதிகமா வேணும்னு நினைப்போம், கணக்கு தலைகீழா வருது பாருங்க! பக்கத்துலயே உங்க கடைசி 12 வாரத்தை அந்தந்த கட்டத்துக்குத் தனித்தனியா எழுதுங்க. புது ஆளுங்க கிட்ட நல்ல வாரத்துலகூட 1.1%தான் வந்ததுன்னா 1.33% வெறும் ஆசைதான், டார்கெட்டை 1.1%ல வச்சுட்டு ப்ராடக்ட் பேஜை சரி பண்ணுங்க, 100க்கு 2.43 பேர் வாங்கினாலே அதே 450ல முடிஞ்சிடும்.

கேள்வி: புது விளம்பரம் 1,000 தடவை காட்டி 0.6%. நிறுத்திடவா?

வேணாம். அது வெறும் 6 கிளிக். நிஜ சிடிஆர் 1% ஆ இருந்தாலும் 1,000ல 4லேருந்து 16 கிளிக் வரைக்கும் சும்மாவே ஏறி இறங்கும். 10,000 தாண்டியும் 60 கிளிக் கிட்டயே நின்னா அப்ப நிறுத்துங்க.